கசந்த பூண்டு

முதலாளியம்மா கண்ணாடிப் புட்டியை மேசை மேல் வைத்த வேகத்திலேயே விஷயம் சரியில்லை என்று பெரியவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஓட்டல்ல இருந்து திரும்பி வந்திருக்கு. கசக்குதாம். வாயில போட்டுப் பாருங்க."

பெரியவள் பொரித்த பூண்டுச் சில்லு ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தாள். நொறுங்கியது. நொறுங்கிய பிறகுதான் அடித்தொண்டையில் வந்து நின்றது அந்தக் கசப்பு. முகத்தைச் சுளிக்காமல் விழுங்கினாள்.

"இது நான் எடுத்த பூண்டு இல்லம்மா."

"நீங்க எடுக்காம வேற யாரு எடுத்தா? அடுப்புல நிக்கிறது நீங்க ஒருத்திதானே?"

பெரியவளின் கண் மெல்லத் திரும்பி, மூலையில் வெங்காயம் சீவிக்கொண்டிருந்த சின்னவள் மேல் போய் உட்கார்ந்தது. சின்னவள் தலையைத் தூக்கவே இல்லை. கத்தி மட்டும் டக் டக் என்று போய்க்கொண்டிருந்தது. இவ்வளவு நடக்கிறது, ஒருத்தி தலையைக்கூடத் தூக்க மாட்டாளா?

டயர்க் கடைகளுக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைதான் அந்தச் சமையல் கூடம். அங்கே சமையல் என்று எதுவும் நடக்காது. வெங்காயத்தையும் பூண்டையும் சீவி, எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்து, புட்டியில் அடைத்து ஓட்டல்களுக்கு அனுப்புவார்கள். சோற்றின் மேலும் சூப்பின் மேலும் ஒரு பிடி தூவ. அவ்வளவுதான் தொழில். முதலாளியம்மா வெளிவேலை பார்ப்பாள். பெரியவள் பொரிப்பாள். சின்னவள் சீவுவாள், புட்டியில் அடைப்பாள். பெரியவளும் சின்னவளும் அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டவர்கள். ஒரே வீட்டில் நடுவே ஒரு சுவர் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும்.

"நாளன்னைக்கு ஓட்டல்காரர் நேர்ல வர்றார்," என்றாள் முதலாளியம்மா. "கண் முன்னாடி பொரிக்கணுமாம். அதுவும் கசந்தா அவர் போயிடுவார். அவர் போனா நான் வேற ஆளைத்தான் அடுப்புக்குப் போடணும். மனசுல வெச்சுக்காதீங்க."

மனசில் வைத்துக்கொள்ளாமல் எங்கே வைத்துக்கொள்வது? அந்த வாணலிக்கு முன்னால் நின்று நின்றுதான் பெரியவளின் கால் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது. அந்த அடுப்பை விட்டால் அவளுக்கு மூட்டை தூக்கும் வேலையோ பாத்திரம் தேய்க்கும் வேலையோதான். இந்த வயதில் புதிதாகப் போய் ஒருத்தியிடம் "சொல்லுங்க, என்ன செய்யணும்" என்று நிற்க வேண்டும்.

அன்றைக்கு வேலை செய்துகொண்டே யோசித்தாள்.

பூண்டுதான் முதலில். எண்ணெய் காய்வதற்கு முன்னாலேயே, விரலில் சுடாத பதத்திலேயே பூண்டுச் சில்லைப் போட்டுவிட வேண்டும். எண்ணெயோடு சேர்ந்து அதுவும் மெல்லச் சூடேற வேண்டும். சிறு தீ. கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பூண்டில் இனிப்பு உண்டு. அது வெங்காயம் போலப் பொறுமைசாலி இல்லை. வைக்கோல் நிறம் வந்ததும் எடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகும் உள்சூட்டில் இன்னும் ஒரு நிழல் ஏறும். தங்க நிறம் வரட்டும் என்று வாணலியில் காத்திருந்தால், தட்டில் அது செம்பு நிறம் ஆகிவிடும். செம்பு என்றாலே கசப்பு.

அதன் பிறகு தீயைக் கூட்டி வெங்காயம். அதற்கு எண்ணெய் நன்றாகக் காய வேண்டும். ஒரு துண்டு போட்டால் அடியில் போய் உட்காராமல் நுரையோடு மேலே வர வேண்டும். புகை வந்துவிட்டால் அதிகம். போட்டதும் எண்ணெய் பொங்கும், சூடு இறங்கும், தண்ணீர் வற்ற வற்ற நுரை அடங்கும். அடங்கத் தொடங்கியதும்தான் கண்ணை எடுக்கக் கூடாது. அதுவரை சோம்பேறியாக இருந்த நிறம் அதற்குப் பிறகு ஓடும்.

இரண்டையும் கம்பித்தட்டில் பரப்ப வேண்டும், அடியில் காகிதம். குவித்தால் புழுங்கும், புழுங்கினால் மொறுமொறுப்பு போய்விடும், நடுவில் இருப்பது கருகவும் செய்யும். பரப்பிவிட்டுப் பெரியவள் பின்பக்கச் சந்து வழியாக டீக்கடைக்குப் போவாள். அவள் வருவதற்குள் எல்லாம் ஆறி இறுகியிருக்கும். ஒரு சில்லை விரலில் வைத்து நசுக்கிப் பார்ப்பாள். தூளானால் சரி. வாயில் போட்டுப் பார்க்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. நாளெல்லாம் அந்த வாசனையில் நிற்கிறவளுக்கு அதைத் தின்னவும் மனசு வருமா?

அப்படியானால் கசப்பு எங்கிருந்து வந்தது? அவள் எடுத்தபோது வைக்கோல் நிறம். கண்ணால் பார்த்து எடுத்தது. வெங்காயத்தில் குறை சொல்லவில்லை, பூண்டில் மட்டும் சொல்கிறார்கள். எண்ணெய் ஒன்று, ஆள் ஒன்று, அடுப்பு ஒன்று. பூண்டு மட்டும் ஏன்?

டீக்கடைக்குப் போன நேரத்தில்தான் ஏதோ நடக்கிறது.

அந்த நினைப்பு ஒருமுறை வந்த பிறகு பார்க்கிறதெல்லாம் அதற்குச் சாட்சி சொல்ல ஆரம்பித்தது. டீ குடித்துவிட்டு வந்தால் அரிகரண்டி சுடுகிறது. அவள் ஆணியில் மாட்டிவிட்டுப் போன கரண்டி ஏன் சுட வேண்டும்? போன வாரம் முதலாளியம்மா சின்னவளைக் கதவோரம் கூட்டிக்கொண்டு போய் ஏதோ பேசினாள். பெரியவள் வந்ததும் இருவரும் பேச்சை வெட்டிவிட்டு, வெயில் அதிகம் என்றார்கள். அன்றைக்கு மேகமூட்டமாக இருந்தது.

தட்டுக்கு அடியில் விரிக்கிற காகிதத்தையும் பார்த்தாள். புதுக் கட்டு. பழுப்பாக இருந்தது.

"ஏண்டி, யாரு இந்தக் காகிதம் வாங்கினது? மஞ்சப் பூத்துப் போனதை எவனோ தலையில கட்டியிருக்கான்."

சின்னவள் கத்தியை நிறுத்தினாள். காகிதத்தைப் பார்த்தாள். அப்புறம் பெரியவளைப் பார்த்தாள்.

"வெள்ளையாத்தானே இருக்கு அக்கா."

"இது வெள்ளையா? உன் வீட்டுல வெள்ளைன்னா இதுதானா?"

"சரி, மஞ்சதான்," என்றாள் சின்னவள், சண்டைக்கு நேரமில்லை என்பது போல. உடனே ஒத்துக்கொண்டதுதான் பெரியவளுக்கு இன்னும் உறுத்தியது. இவள் எப்போது ஒரு பேச்சை இவ்வளவு சுலபமாக விட்டிருக்கிறாள்? சுவருக்கு இந்தப் பக்கம் இவள் "இல்லை" என்றால் அந்தப் பக்கம் அவள் "ஆமாம்" என்று தொடங்கி, சோறு ஆறும் வரைக்கும் விடமாட்டாள்.

மறுநாள் பூண்டும் வெங்காயமும் எடுத்து முடித்து, அடுப்பை அணைத்ததும், பெரியவள் ஒரு வெங்காயச் சருகை எடுத்து அடுப்புத் திருகியின் மேல் வைத்தாள். திருகியைத் தொட்டால் சருகு விழும். காற்றில் விழக்கூடாது என்று ஓரத்தை லேசாக இடுக்கில் செருகினாள். செருகும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது. திருடனுக்குப் பொறி வைக்கிற மாதிரி வெங்காயத் தோலை வைக்கிற நிலைமை வந்துவிட்டதே.

"டீ குடிச்சிட்டு வரேன்."

"மெதுவா வாங்க அக்கா," என்றாள் சின்னவள்.

மெதுவா வாங்க!

டீயை வாய் சுடச் சுடக் குடித்துவிட்டுத் திரும்பினாள். சருகு தரையில் கிடந்தது. அரிகரண்டி சுட்டது. சின்னவள் கைத்துணியால் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவு அக்கறையாக, மாப்பிள்ளை வீட்டார் வருகிற மாதிரி.

பெரியவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பாள். ஒரு வெங்காயச் சருகை வைத்துக்கொண்டு யாரிடம் நியாயம் கேட்பது?

பிற்பகல் இன்னொரு ஈடு பொரித்தார்கள். இந்த முறை டீக்கடைக்குக் கிளம்பினவள் சந்தில் திரும்பி, மூட்டை அடுக்கும் அறையின் ஜன்னலோரம், அடுப்பு தெரிகிற இடத்தில் வந்து நின்றாள். உள்ளே சின்னவள் முதலில் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். அப்புறம் அடுப்பைப் பற்ற வைத்தாள். தட்டிலிருந்த வெங்காயத்தை அரிகரண்டியில் அள்ளி மறுபடி எண்ணெயில் இறக்கினாள். சற்று நேரம்தான், தூக்கி உதறிப் பரப்பினாள். அடுத்து பூண்டை அள்ளினாள். அதே எண்ணெயில், அதே சூட்டில் இறக்கினாள். பதறித் தூக்கினாள். தூக்கிய பூண்டைப் பார்த்து உதட்டைக் கடித்தாள்.

பெரியவள் உள்ளே வந்தாள்.

"பிடிச்சிட்டேன்டி. காலையில திருகியில சருகு வெச்சப்பவே தெரிஞ்சுபோச்சு."

கரண்டி கைநழுவி மேடையில் விழுந்தது. மேலே புகைபோக்கி விசிறி இரைந்துகொண்டிருந்தது. போன மழைக்குப் பிறகு முதலாளியம்மா மாட்டின பெரிய விசிறி அது. அது ஓடினால் வாணலியில் எண்ணெய் பொரிகிற சத்தமே கேட்காது.

"இவ்வளவு நாளா என் சோத்துல மண்ணள்ளிப் போட்டுக்கிட்டு, வீட்டுக்கு வந்து 'அக்கா, கொஞ்சம் ரசம் குடுங்க'ன்னு கிண்ணம் நீட்டினியே. உனக்கு வெக்கமா இல்ல?"

"அக்கா, சொல்றதைக் கேளுங்க."

"அடுப்பு வேணும்னா நேரா கேட்டிருக்கலாமே. முதலாளியம்மா கதவோரம் கூப்பிட்டு அதைத்தானே சொன்னா?"

"ஆமா, அதைத்தான் சொன்னாங்க," என்றாள் சின்னவள். பெரியவள் இதை எதிர்பார்க்கவில்லை. "புட்டி நமுத்துப் போய் வருது, நீ அடுப்புக்கு வந்துடுன்னாங்க. முடியாதுன்னுட்டேன்."

"நமுத்தா? எது நமுத்துச்சு?"

சின்னவள் தட்டைக் காட்டினாள். மறுபடி இறக்காத பூண்டு ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. "நசுக்குங்க."

பெரியவள் நசுக்கினாள். தூளாகவில்லை. விரலில் தோல் மாதிரி வளைந்தது.

"இது வைக்கோல் நிறம்தானே?" என்றாள் பெரியவள். குரலில் இருந்த பலம் கொஞ்சம் போயிருந்தது.

"வெள்ளை அக்கா. சோறு வெந்த வெள்ளை. கொஞ்ச நாளாவே நீங்க பச்சையிலயே எடுத்துடுறீங்க. அவங்க சொன்னதுல இருந்து, உங்க அடுப்பு போயிடக்கூடாதுன்னு, நீங்க டீக்குப் போனதும் நான் இன்னொரு தடவ இறக்கி எடுப்பேன். வெங்காயம் சரியா வந்துடும். பூண்டுதான் எனக்கு வசப்படல. சில நாள் வருது, சில நாள் பொசுங்கிடுது."

"வெங்காயச் சூட்டுல பூண்டைப் போட்டா பொசுங்காம கொஞ்சுமா? மடச்சி! ஏற்கெனவே தண்ணி வத்தினது. வாணலியைத் தொட்டதுமே கருகிடும்."

"எனக்கு எப்படித் தெரியும்? நான் கத்தி பிடிக்கிறவ."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

பெரியவள் தட்டைத் தள்ளி வைத்தாள். நம்பியிருக்க மாட்டாள். இப்போதும் முழுசாக நம்பவில்லை. நிறம் தெரியவில்லை என்று ஒருத்தி வந்து நம் கண்ணையே பிடுங்கி எடுக்கப் பார்த்தால், யார்தான் உடனே கண்ணைக் கழற்றிக் கொடுப்பார்கள்?

"உன் பேச்சை நான் எதுக்கு நம்பணும்? வேற ஆளைக் கேட்டுக்கிறேன்."

நேராக டீக்கடைக்குப் போனாள். பழக்கத்தில் டீ கையில் வந்தது. குடிக்கவில்லை. கோப்பையின் வெளிப்பக்கத்தையே பார்த்தாள்.

"என்னம்மா, ஈ கெடக்குதா?" என்றார் டீக்கடைக்காரர்.

"இந்தக் கோப்பை என்ன நிறம்?"

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "வெள்ளைதான். இன்னைக்குத்தான் புதுசா எடுத்தேன். ஏன், அழுக்கா இருக்கா?"

அவளுக்கு அது பழைய தந்தம் மாதிரி இருந்தது. வலக்கண்ணை மூடினாள். கோப்பை கொஞ்சம் வெளுத்தது. இடக்கண்ணை மூடி வலக்கண்ணைத் திறந்தாள். டீயைத் துடைத்த துணி மாதிரி ஆனது. மாற்றி மாற்றி மூடினாள். ஒரே கோப்பை, ஒரு கண்ணுக்கு ஒன்று, மறு கண்ணுக்கு ஒன்று. காகிதக் கடைக்காரன், முதலாளியம்மா, ஓரகத்தி என்று இத்தனை நாள் ஊரில் உள்ள எல்லாரையும் சந்தேகப்பட்டாள். சந்தேகப்படாதது இந்த இரண்டு கண்ணை மட்டும்தான்.

"கண்ணுல தூசியாம்மா?"

"தூசி இல்லண்ணே. புரை போல இருக்கு," என்று சொல்லிவிட்டு, டீயைக் குடிக்காமலே காசு வைத்தாள்.

மறுநாள் காலை ஓட்டல்காரர் வந்தார். பருத்த ஆள், நாற்காலி கொடுத்தும் உட்காரவில்லை. முதலாளியம்மா அவர் பக்கத்தில் நின்று, சிரிக்க வேண்டாத இடத்திலெல்லாம் சிரித்தாள். சூடு பார்க்க வாங்கி வைத்திருந்த, முள் ஓடுகிற வெப்பமானியை வாணலி ஓரத்தில் மாட்டினாள். அதில் இருந்த எண் எறும்பு மாதிரி சின்னது. பெரியவள் அதை எப்போதும் பார்த்ததில்லை. இன்றைக்குப் பார்க்க நினைத்தாலும் தெரியவில்லை.

சின்னவள் பூண்டைச் சீவிக் கொண்டுவந்து வைத்தாள். ஒரே கனம், ஈரம் ஒற்றி எடுத்தது. வைத்துவிட்டுப் போகவில்லை. வாணலிக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"இவங்க எதுக்கு?" என்றார் ஓட்டல்காரர்.

"முள்ளைப் பாத்துச் சொல்லுவா," என்றாள் பெரியவள்.

ஆறின எண்ணெயில் பூண்டை இறக்கினாள். தீயைச் சிறிதாக வைத்தாள். கிளறினாள். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் ஒவ்வொரு சில்லின் ஓரத்திலும் பொடிக் குமிழ்கள் கட்டின.

"நூறைத் தாண்டுது அக்கா."

கிளறினாள். கொஞ்சம் போனது.

"நூத்தி இருபது."

பெரியவள் வாணலிக்குள் பார்த்தாள். வைக்கோல் நிறம். அவள் கண் சொல்கிறது, எடு, எடு என்று. கரண்டி தானாகக் கொஞ்சம் மேலே வந்தது.

"இன்னும் இல்ல," என்றாள் சின்னவள், அவள் காதோரம், உதடு அசையாமல்.

கரண்டி நின்றது. இவள் சொல்வது நிஜமா? தான் எடுக்கும் நேரத்தைத் தாண்டவிட்டு, எல்லார் கண் முன்னாலும் கருகவைத்தால், இன்றைக்கு மாலையே இந்த அடுப்பு இவளுக்கு. வேண்டாம் என்று ஒருமுறை சொன்னவள் மறுமுறை வேண்டும் என்று சொல்ல மாட்டாளா? நேற்றுக் காட்டிய பூண்டுகூட, தனக்காகவே பச்சையாக எடுத்து வைத்ததாக இருக்கலாம். ஆனால் கோப்பை? டீக்கடைக்காரரை இவள் விலைக்கு வாங்கியிருக்க முடியாது.

"அந்த விசிறியை நிறுத்துங்கம்மா," என்றாள் பெரியவள்.

"புகை வருமே."

"புகை வர்ற அளவுக்கு நான் விடமாட்டேன். நிறுத்துங்க."

விசிறி நின்றது. அறை திடீரென்று பெரிதானது போல இருந்தது. அந்த நிசப்தத்தில் எண்ணெய் பேசியது. விசிறி வந்த பிறகு அவள் கேட்க மறந்துபோன பேச்சு. சடசடவென்று, ஈரத்தோடு, இன்னும் தடிப்பாகப் பேசியது. உள்ளே தண்ணீர் இருக்கிறது. இன்னும் இல்லை. சின்னவள் சொன்னது பொய் இல்லை.

கண்ணை மூடிக்கொள்ளலாம் போல இருந்தது. வந்தவர் முன்னால் அப்படி நின்றால் சாமி வந்துவிட்டது என்று நினைப்பார். கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டே, அதைக் கேட்காமல் காதை மட்டும் கேட்டாள். சத்தம் மெலிந்தது. சடசட என்பது சரசர என்றானது. குமிழ்கள் சிறுத்து, இடைவெளி விட்டன. அவள் கண்ணுக்குப் பூண்டு முழுசாகக் கெட்டுவிட்டது. செம்பு, ஐயோ, செம்பு.

"நூத்தி முப்பத்தஞ்சு," என்றாள் சின்னவள். உடனே, "இப்ப அக்கா."

காதும் அதையேதான் சொன்னது. பெரியவள் அள்ளினாள். ஒரே வீச்சில் பாதி, மறு வீச்சில் மீதி, வாணலி மேல் ஓர் உதறல், எண்ணெய்ச் சொட்டு அறுந்ததும் தட்டில். கரண்டி முனையால் ஒன்றோடொன்று ஒட்டாமல் விரித்துவிட்டாள். சின்னவள் அடியிலிருந்த நனைந்த காகிதத்தை உருவிப் புதுசு வைத்தாள். அடுப்பை அணைத்தாள்.

ஓட்டல்காரர் கையை நீட்டினார்.

"ஆறட்டும் ஐயா," என்றாள் பெரியவள். "இப்ப எடுத்தா மெத்துன்னு இருக்கும். குறை சொல்லிட்டுப் போயிடுவீங்க."

காத்திருந்தார்கள். முதலாளியம்மா சிரிப்பதைக்கூட விட்டுவிட்டாள். பெரியவள் தட்டைப் பார்க்கவில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது? சின்னவளின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. பாவி, ஒரு சிரிப்பாவது சிரிக்கக்கூடாதா?

ஓட்டல்காரர் ஒன்றை எடுத்தார். ஒடித்தார். அந்தச் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. வாயில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி மென்றார். கசப்பு கடைசியில்தான் வரும் என்று அவருக்கும் தெரியும், விழுங்கிவிட்டும் காத்திருந்தார். அப்புறம் ஒரு பிடியாக அள்ளிக்கொண்டார்.

"இதுதான். இப்படியே அனுப்புங்க."

பெரியவளும் ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். யாரும் சொல்லாமல் தானாக எடுத்துத் தின்பது இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. இனிப்பு. அடித்தொண்டை வரைக்கும் இனிப்பு.

அவர்கள் போன பிறகு அவள் மேடையில் சாய்ந்து நின்றாள். கால் நரம்பு விண்விண் என்றது.

"திங்கக்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குப் போறேன்," என்றாள். "அறுக்கணும்னு சொன்னா, கொஞ்ச நாளைக்கு அடுப்பு உன் கையில. பூண்டை வெங்காயச் சூட்டுல போட்ட, கையை ஒடிச்சிடுவேன்."

"சரிக்கா."

"திரும்பி வந்ததும் குடுத்துடணும்."

"குடுக்கலைன்னா?"

பெரியவள் அவளை உற்றுப் பார்த்தாள். சின்னவள் இப்போது சிரித்தாள், அதுவும் பல் தெரிய.

"எனக்கு எதுக்கு உங்க அடுப்பு? கால் வலியும் சேர்த்துத் தருவீங்க. போய் டீ குடிச்சிட்டு வாங்க."

பெரியவள் சந்துப் பக்கம் திரும்பினாள். வாசல்படி வரைக்கும் போனவள், பழைய பழக்கம் விடாமல் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

சின்னவள் குப்பைக்கூடையிலிருந்து ஒரு வெங்காயச் சருகை எடுத்து, அடுப்புத் திருகியின் இடுக்கில் செருகிக்கொண்டிருந்தாள்.

"வெச்சிட்டேன் அக்கா," என்றாள். "நிம்மதியா போயிட்டு வாங்க."